வராத பெட்டிக்கு அவகாசம் இருக்கிறது, வந்த பெட்டிக்குத்தான் இல்லை

கேள்வி: நானும் என் கணவரும் பிராங்க்பர்ட்டில் இருக்கிறோம். தம்பி கல்யாணத்துக்காக ஜனவரி 18-ம் தேதி சென்னை வந்தோம். ரிட்டர்ன் டிக்கெட், வளைகுடாவில் விமானம் மாறி வந்தோம். இரண்டு பெட்டிகளில் ஒன்று வரவே இல்லை, இன்றோடு 26 நாள். இன்னொன்று பூட்டு உடைந்து வந்தது. கவுன்டரில் இரண்டுக்கும் புகார்ப் படிவம் எழுதித் தந்தார்கள். கும்பகோணம் வந்து நாலாம் நாள் திறந்து பார்த்தால் அதில் கணவரின் கேமரா லென்ஸ் இல்லை. உடனே போன் செய்து சொன்னேன். இப்போது கேட்டால் "கிலோவுக்கு 20 டாலர்தான்" என்கிறார்கள். இரண்டு பெட்டியும் கணவர் பெயரில் இருப்பதால் ஒருவருக்கான தொகைதானாம். நாங்கள் பொருளின் மதிப்பை முன்பே சொல்லியிருக்க வேண்டுமா? இங்கே நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாமா? மார்ச்சில் திரும்பும்போது அம்மா கொடுக்கும் பட்டுப் புடவைகளும் வெள்ளிச் சாமான்களும் வேறு இருக்கின்றன.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கும்பகோணம்

பதில்: வராத பெட்டியை நினைத்துத்தான் நீங்கள் அதிகம் கவலைப்படுகிறீர்கள் என்று தெரிகிறது. ஆனால் உங்கள் வழக்கில் வலுவானது அதுதான். கைக்கு வந்து சேர்ந்த பெட்டியில்தான் சிக்கல்.

முதலில் அந்த "கிலோவுக்கு 20 டாலர்" கணக்கை முடித்துவிடுவோம். அது முழுப் பொய் இல்லை, பழைய சட்டம். 1929-ல் உருவான வார்சா ஒப்பந்தம் பெட்டிக்கான இழப்பீட்டை எடையை வைத்துக் கணக்கிட்டது. கிலோவுக்கு 250 தங்க பிராங்க் என்று அதில் இருந்தது, நடைமுறையில் அதுவே 20 டாலர் ஆனது. பஞ்சுத் தலையணை இருந்தாலும் பட்டுப் புடவை இருந்தாலும் தராசு சொன்னதுதான் விலை. 1999-ல் கையெழுத்தான மான்ட்ரியல் ஒப்பந்தம் இந்த எடைக் கணக்கைப் பயணிகளின் பெட்டிக்கு அடியோடு எடுத்துவிட்டது. ஜெர்மனியில் 2004 முதலும் இந்தியாவில் 2009 முதலும் அது நடப்பில் இருக்கிறது. உங்களுடையது பிராங்க்பர்ட்டில் தொடங்கி பிராங்க்பர்ட்டிலேயே முடியும் ரிட்டர்ன் டிக்கெட். ஆகவே ஜெர்மனி அந்த ஒப்பந்தத்தில் இருப்பதே போதும், நடுவில் எந்த நாட்டில் இறங்கி ஏறினீர்கள் என்பது பொருட்டில்லை. விமான நிறுவனத்தில் பெட்டிப் பிரிவில் சில வருடம் வேலை பார்த்துவிட்டு வழக்கறிஞர் ஆனவன் நான். அங்கேயும் இந்த வாசகத்தைப் போனில் சொல்லக் கேட்டிருக்கிறேன். சொல்பவருக்குக் கெட்ட எண்ணம் இருக்காது, பக்கத்து நாற்காலிக்காரர் சொன்னதைத் திருப்பிச் சொல்வார். 23 கிலோவுக்கு 460 டாலர் என்று கேட்டதும் பாதிப் பேர் அத்தோடு விட்டுவிடுவார்கள்.

இப்போதைய உச்சவரம்பு ஒரு பயணிக்கு 1,519 எஸ்.டி.ஆர். 2024 டிசம்பர் 28 முதல் இந்தத் தொகை, அதற்கு முன் 1,288. எஸ்.டி.ஆர். என்பது பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகு. டாலர், யூரோ, யுவான், யென், பவுண்டு என ஐந்து நாணயங்களின் கலவையிலிருந்து அதன் மதிப்பு வருகிறது, அதனால் அன்றாடம் கொஞ்சம் ஏறி இறங்கும். இன்றைக்குத் தோராயமாக 1.8 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். இது ஒரு பெட்டிக்கான தொகை இல்லை, ஒரு பயணிக்கான தொகை. பெட்டி தொலைந்தது, உடைந்தது, தாமதமானது, அதனால் அவசரத்துக்குப் புதுத் துணி வாங்கியது எல்லாமே இதற்குள்தான் அடங்க வேண்டும். இன்னொன்று, இது உச்சவரம்பு. பெட்டி தொலைந்த எல்லோருக்கும் எடுத்துக் கொடுக்கும் தொகை இல்லை. ஐரோப்பிய நீதிமன்றம் 2020-ல் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது: பெட்டிக்குள் என்ன இருந்தது, என்ன மதிப்பு என்பதைப் பயணிதான் காட்ட வேண்டும்.

அடுத்தது, இரண்டு பெட்டியும் கணவர் பெயரில் இருக்கும் விஷயம். ஒன்றாகப் பயணம் செய்பவர்கள் கவுன்டரில் பாஸ்போர்ட்டுகளைச் சேர்த்து நீட்டுவார்கள், ஊழியர் எல்லா டேகையும் மேலே இருக்கும் பெயரில் அடித்துவிடுவார். இது தினமும் நடப்பது. ஒரு குடும்பத்தில் நாலு பேர் இரண்டு பெட்டியோடு பார்சிலோனாவிலிருந்து பாரிஸ் போனபோது இதே பிரச்சினை வந்தது. இரண்டு பெட்டியும் காணாமல் போக, நாலு பேருக்குமான இழப்பீடு கேட்டார்கள். ஐரோப்பிய நீதிமன்றம் 2012-ல் அதை ஏற்றுக்கொண்டது. டேக் யார் பெயரில் இருந்தாலும், தன்னுடைய பொருள் அந்தப் பெட்டிக்குள் இருந்தது என்று காட்டக்கூடிய ஒவ்வொரு பயணிக்கும் தனித்தனி வரம்பு உண்டு என்றது. அவர்களும் அதே விமானத்தில் வந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். வராத உங்கள் பெட்டியில் உங்கள் புடவைகளும் இருந்தன, அவருடைய கோட்டும் ஷூவும் இருந்தன. ஆக உரிமை கோரப் போவது இரண்டு பேர்.

நீங்கள் இணைத்திருந்த பட்டியலை வைத்தே கணக்குப் போட்டுப் பார்த்தேன். உங்கள் புடவைகளும் மற்றத் துணிமணிகளும் 1.45 லட்சம். கணவரின் கோட், ஷூ வகையறா 70,000. கல்யாணத்துக்கு வாங்கிவந்த பரிசுப் பொருள்கள் 50,000, அதற்கான பில் அவர் கார்டில் இருக்கிறது. மொத்தம் 2.65 லட்சம். ஒரே பயணி என்று வைத்தால் 1.8 லட்சத்தோடு நின்றுவிடும், 85,000 போய்விடும். இரண்டு பேராகப் பிரித்தால் உங்கள் பங்கு 1.45 லட்சம், அவர் பங்கு 1.2 லட்சம். இரண்டுமே வரம்புக்குள். பெட்டி வராததால் கும்பகோணத்தில் அவசரமாக வாங்கிய 18,000 ரூபாய்த் துணியையும் உங்கள் பங்கில் சேர்த்தால் 1.63 லட்சம் ஆகிறது, அதுவும் வரம்பைத் தாண்டவில்லை. அந்தத் துணி உங்களிடமே இருக்கிறதே என்று பாதித் தொகையைக் கழிக்கப் பார்ப்பார்கள். மறுத்து எழுதுங்கள், ஆனால் அதற்காகப் பெரிய தொகையை இழுத்தடிக்க விடாதீர்கள்.

இந்தத் தொகையெல்லாம் நீங்கள் சொன்னதாலேயே கிடைத்துவிடாது. புடவைக்கு எந்த வீட்டில் பில் பத்திரமாக இருக்கிறது? கடையில் கார்டு தேய்த்திருந்தால் வங்கிக் கணக்குத் தாள் போதும். கடைக்காரரிடம் பழைய பில்லின் நகல் கேட்டுப் பாருங்கள், பெரிய ஜவுளிக்கடைகள் கைபேசி எண்ணை வைத்தே தேடிக் கொடுக்கும். அந்தப் புடவையை நீங்கள் கட்டிக்கொண்டிருக்கும் போட்டோவும் ஆதாரம்தான். ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே வாங்கிய வருடத்தையும் குறித்துவிடுங்கள். ஐந்து வருடம் கட்டிய புடவைக்குப் புதுப் புடவை விலையைத் தர மாட்டார்கள், தேய்மானம் போட்டுத்தான் தருவார்கள். நீங்களே நியாயமாகக் குறைத்துப் போட்டால் பட்டியல் முழுவதுக்கும் நம்பகம் கூடும். எல்லாவற்றையும் புது விலைக்கு ஏற்றி எழுதிய பட்டியலைப் பார்த்ததும் கிளெய்ம் பிரிவில் இருப்பவர் சிவப்புப் பேனாவை எடுத்துவிடுவார். நானும் எடுத்திருக்கிறேன்.

பெட்டி தொலைந்ததற்கு அவர்கள் தவறு என்ன என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. அவர்கள் பொறுப்பில் இருந்தபோது காணாமல் போனது என்பதே போதும். வரவேண்டிய நாளிலிருந்து 21 நாள் தாண்டியும் வரவில்லை என்றால், அவர்கள் ஒத்துக்கொண்டாலும் ஒத்துக்கொள்ளாவிட்டாலும் தொலைந்ததாக வைத்து உரிமை கோரலாம். உங்கள் கணக்கில் அந்த 21 நாள் பிப்ரவரி 8-ம் தேதியே முடிந்துவிட்டது. "இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்" என்ற பதிலுக்கு இனி காத்திருக்க வேண்டாம்.

இந்த 21 நாளை இன்னொரு 21 நாளோடு குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. பெட்டி தாமதமாக வந்து கையில் கிடைத்தால், கிடைத்த நாளிலிருந்து 21 நாளுக்குள் தாமதத்துக்கான புகாரை எழுத்தில் கொடுக்க வேண்டும். அது வேறு கணக்கு, வேறு தொடக்க நாள். அடுத்த வாரமே உங்கள் பெட்டி திடீரென்று வீட்டு வாசலில் வந்து நின்றால், அன்றைக்கு அந்தக் கடிகாரம் ஓட ஆரம்பிக்கும். வந்ததே பெரிசு என்று இருந்துவிடாதீர்கள். அன்றே திறந்து பாருங்கள், ஏனென்றால் அதற்குள் ஏதாவது சேதமோ குறைவோ இருந்தால் அதற்கு ஏழு நாள்தான்.

அந்த ஏழு நாளுக்கு வருகிறேன். உங்கள் இரண்டாவது பெட்டி மாட்டிக்கொண்டிருப்பது அதில்தான்.

செக்-இன் செய்த பெட்டியில் சேதம் தெரிந்தால் தெரிந்தவுடன் புகார் கொடுக்க வேண்டும், அதிகபட்சம் பெட்டி கைக்கு வந்த நாளிலிருந்து ஏழு நாள். எழுத்தில் இருக்க வேண்டும். ஏழாம் நாளுக்குள் அனுப்பியிருந்தால் போதும், அவர்களுக்குப் போய்ச் சேர்ந்த தேதி முக்கியமில்லை. நாள் என்றால் காலண்டர் நாள். உங்கள் ஏழாவது நாள் ஜனவரி 25, ஞாயிற்றுக்கிழமை. அதற்காக ஒரு நாள் கூடுதல் கிடைக்காது. கெடு தாண்டினால், அவர்கள் பக்கம் மோசடி இருந்தாலொழிய, வழக்கே போட முடியாது என்பதுதான் ஒப்பந்தத்தின் வாசகம்.

சரி, நாமோ கவுன்டரிலேயே படிவம் எழுதிக் கொடுத்தோமே என்பீர்கள். அந்தப் படிவத்துக்கு பி.ஐ.ஆர். என்று பெயர். மேலே `MAAXX12345` மாதிரி பத்து எழுத்தில் ஒரு எண் இருக்கும். முதல் மூன்று எழுத்து விமான நிலையம், அடுத்த இரண்டு விமான நிறுவனம், மிச்சம் கோப்பு எண். பூட்டு உடைந்த பெட்டிக்கான படிவத்தை எடுத்து, சேத விவரம் எழுதும் இடத்தைப் பாருங்கள். நீங்கள் அனுப்பிய நகலில் "பூட்டு உடைந்துள்ளது, ஜிப் சேதம்" என்ற பொருளில் ஒரே வரி. லென்ஸ் பற்றிப் பேச்சே இல்லை. இருக்கவும் முடியாது, நீங்கள் அப்போது பெட்டியைத் திறக்கவே இல்லை. ஆகவே பூட்டுக்கும் ஜிப்புக்கும் முதல் நாளே எழுத்துப் புகார் ஆகிவிட்டது. லென்ஸுக்கு ஆகவில்லை.

"லென்ஸ் சேதமாகவில்லையே, காணாமல்தானே போயிருக்கிறது, காணாமல் போனதற்கு ஏழு நாள் கெடு இல்லையே" என்று கேட்கத் தோன்றும். இதே கேள்வி இங்கிலாந்தில் மேல்மட்ட நீதிமன்றம் வரை போனது. ஃபோதர்கில் என்பவர் 1975-ல் ரோமிலிருந்து லூட்டன் வந்திறங்கினார். பெட்டி கிழிந்திருந்ததை விமான நிலையத்திலேயே எழுதிக் கொடுத்தார். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் உள்ளே ஒரு சட்டை, ஒரு ஜோடி செருப்பு, ஒரு கம்பளி மேலாடை இல்லை. அதை ஏழு நாளுக்குள் நிறுவனத்துக்குச் சொல்லவில்லை. மொத்த மதிப்பு பதினாறரை பவுண்டுதான், ஆனால் கேள்வி பெரியது என்பதால் பிரபுக்கள் சபை வரைக்கும் வழக்கு நடந்தது. 1980-ல் தீர்ப்பு வந்தது: பெட்டி வந்து சேர்ந்து உள்ளிருக்கும் பொருள் மட்டும் குறைந்தால் அதுவும் சேதம்தான், ஏழு நாள் கெடு அதற்கும் பொருந்தும். அவர் தோற்றார். அது வார்சா காலத்துத் தீர்ப்பு. ஆனாலும் பெட்டிக்குள் பொருள் குறைந்தால் ஏழு நாள் என்றே வைத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு. உங்கள் நிலைமையும் கிட்டத்தட்ட அவருடையதேதான், ஒரே ஒரு வித்தியாசத்தைத் தவிர. நீங்கள் நாலாம் நாள் போன் செய்திருக்கிறீர்கள்.

வெறும் போன் அழைப்பு எழுத்துப் புகார் ஆகாது. ஆனால் போனை எடுத்தவர் நீங்கள் சொன்னதைக் கணினியில் பதிந்திருந்தால்? இதைப் பற்றி ஐரோப்பிய நீதிமன்றம் 2018-ல் ஒரு பின்லாந்து வழக்கில் தீர்ப்புச் சொன்னது. அங்கேயும் பெட்டிக்குள் பொருள் குறைந்திருந்தது, பயணி போனில் சொன்னார், ஊழியர் நிறுவனத்தின் கணினியில் ஏற்றினார். பயணியின் புகாரை ஊழியர் கெடுவுக்குள் கணினியில் பதிந்திருந்தால் அது எழுத்துப் புகாராகவே கொள்ளப்படலாம் என்றது நீதிமன்றம். பதிந்தது சரியா என்று பார்த்துத் திருத்தவும் பயணிக்கு வழி இருந்திருக்க வேண்டும் என்பதையும் சொன்னது. லென்ஸைப் பொறுத்தவரை உங்களுக்கு இருக்கும் ஒரே கதவு இதுதான்.

அந்தக் கதவைத் திறக்க, ஜனவரி 22-ம் தேதி நீங்கள் பேசிய அழைப்பு பற்றி அவர்கள் என்ன பதிந்து வைத்திருக்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். சும்மா கேட்டால் பதில் வராது. நீங்கள் ஜெர்மனியில் வசிப்பவர், டிக்கெட்டும் அங்கே விற்கப்பட்டது. ஆகவே ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜி.டி.பி.ஆர்.-இன் கீழ் என்னைப் பற்றிய பதிவுகளின் நகல் வேண்டும் என்று கேளுங்கள். பொதுவாக ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். உங்கள் கைபேசியின் அழைப்பு விவரத்தில் அந்தத் தேதி, நேரம், எத்தனை நிமிடம் பேசினீர்கள் என்பதெல்லாம் இருக்கும், அதை இணையுங்கள். பதிவில் "லென்ஸ் காணவில்லை" என்ற பொருளில் ஒரு வரி இருந்தால் வழக்குக்கு உயிர் உண்டு. அழைப்பே பதிவாகவில்லை என்றால் லென்ஸை மறந்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன். பதிவு இருந்தாலும் இன்னொரு வாதம் வரும்: கேமரா சாமான்களைச் செக்-இன் பெட்டியில் வைக்கக்கூடாது என்று எங்கள் விதிமுறையில் போட்டிருக்கிறதே என்பார்கள். ஒப்பந்தம் விதித்த பொறுப்பை நிறுவனம் தன் விதிமுறையால் குறைத்துக்கொள்ள முடியாது, அப்படிப்பட்ட வாசகம் செல்லாது. ஆனால் பயணியின் கவனக்குறைவும் காரணம் என்று சொல்லித் தொகையைக் குறைக்க அவர்களுக்கு வழி இருக்கிறது. லென்ஸை நீங்கள் கைப்பையில் வைத்திருக்கலாம் என்பதும் உண்மைதானே.

வராத பெட்டிக்கு இப்படி நாள் கணக்கில் புகார்க் கெடு எதையும் ஒப்பந்தம் வைக்கவில்லை. அதற்காகச் சும்மா இருக்க வேண்டாம். இந்த வாரமே மின்னஞ்சலில் உரிமைக் கோரிக்கையை அனுப்புங்கள், அவர்கள் இணையதளத்தில் படிவம் இருந்தால் அதையும் நிரப்பி, நிரப்பிய திரையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பி.ஐ.ஆர். எழுதிக் கொடுத்ததே கிளெய்ம் என்று நினைப்பவர்கள் உண்டு. அது பெட்டியைத் தேடுவதற்கான தாள். பொறுப்பை ஏற்றதாகாது என்று அதன் அடியிலேயே பொதுவாகப் பொடி எழுத்தில் இருக்கும். கடிதத்தில் நீங்கள் இருவரும் கையெழுத்திடுங்கள். விமான எண், தேதி, டேக் எண், பி.ஐ.ஆர். எண் எழுதிவிட்டு, "21 நாள் கடந்துவிட்டதால் மான்ட்ரியல் ஒப்பந்தத்தின் 17-வது பிரிவின்படி தொலைந்ததாகக் கொண்டு இழப்பீடு கோருகிறோம், நாங்கள் இருவரும் தனித்தனிப் பயணிகளாகக் கோருகிறோம்" என்ற இரண்டு வாக்கியங்களைக் கட்டாயம் சேருங்கள். அப்புறம் இரண்டு பட்டியல், உங்களுடையது தனி, அவருடையது தனி. போர்டிங் பாஸ், டேக் அடிச்சீட்டு ஆகியவற்றின் நகலை மட்டும் இணையுங்கள், மூலத்தை விடாதீர்கள். பெட்டி நடுவில் வேறொரு நிறுவனத்தின் விமானத்தில் ஏறியிருந்து "அவர்களிடம் கேளுங்கள்" என்று உங்களை அனுப்பினால், ஒரே டிக்கெட்டில் வந்த பயணத்துக்கு முதல் விமான நிறுவனத்தையும் கேட்கலாம், கடைசி நிறுவனத்தையும் கேட்கலாம், பெட்டி தொலைந்தது யாரிடம் என்று தெரிந்தால் அவர்களையும் கேட்கலாம்.

வழக்குப் போட இரண்டு வருடம். இது சாதாரண காலவரம்பு மாதிரி இல்லை. பேச்சுவார்த்தை நடக்கிறது, அவர்கள் கடைசியாகப் பதில் போட்டது போன மாதம்தான் என்றெல்லாம் சொல்லி நீட்டிக்க முடியாது. இரண்டு வருடம் முடிந்தால் உரிமையே அணைந்துவிடும். சென்னை வந்த நாளிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள், 2028 ஜனவரி 18-க்கு முன்பே நீதிமன்றத்தில் மனு பதிவாகியிருக்க வேண்டும்.

எங்கே போடுவது? இங்கேதான் உங்களுக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நுகர்வோர் ஆணையம் நல்ல இடம்தான், ஆனால் ஒப்பந்தம் குறிப்பிட்ட சில இடங்களில்தான் வழக்கை அனுமதிக்கிறது. விமான நிறுவனம் பதிவான நாடு, அதன் தலைமையகம் இருக்கும் நாடு, டிக்கெட் ஒப்பந்தம் செய்த அதன் அலுவலகம் இருக்கும் இடம், பயணம் போய்ச் சேரும் இடம். நீங்கள் சென்னைக்குத்தான் வந்தீர்கள், ஆனால் ரிட்டர்ன் டிக்கெட்டில் போய்ச் சேரும் இடம் என்பது புறப்பட்ட இடமே. சென்னை நடுவில் தங்கிய ஊர் ஆகிவிடுகிறது. டிக்கெட்டும் ஜெர்மனியில் வாங்கியது. ஆகவே கும்பகோணத்திலோ தஞ்சாவூரிலோ சென்னையிலோ மனுப் போட்டால், அதிகார எல்லை இல்லை என்ற முதல் ஆட்சேபத்திலேயே அது தடுமாறும். ஊருக்குத் திரும்பியதும் பிராங்க்பர்ட் நீதிமன்றத்தை அணுகுங்கள். சென்னையில் டிக்கெட் எடுத்து பிராங்க்பர்ட் போய் வரும் ஒருவருக்கு இதே சட்டம் நேர்மாறாக வேலை செய்யும், அவர் தாராளமாக இங்கே வழக்குப் போடலாம்.

இனி மதிப்பு அறிவிப்பு. முன்பே சொல்லியிருந்தால் முழுசாகக் கிடைத்திருக்குமா என்று கேட்டீர்கள். நான் மேலே போட்ட கணக்கின்படி இந்தத் தடவை அது தேவைப்பட்டிருக்காது, இருவர் பங்கும் வரம்புக்குள்ளேயே இருக்கின்றன. திரும்பும்போது கதை வேறு. அம்மா தரும் புடவைகளும் வெள்ளிச் சாமான்களும் மூன்று லட்சம் என்று எழுதியிருக்கிறீர்கள், எல்லாமே உங்கள் ஒருவருடைய பொருள். வரம்பு 1.8 லட்சம். மிச்சம் 1.2 லட்சத்துக்குத்தான் அறிவிப்பு.

அதைச் செய்யும் நேரம் ஒன்றே ஒன்றுதான்: பெட்டியை அவர்களிடம் ஒப்படைக்கும்போது. முந்தின நாள் போட்ட மின்னஞ்சலோ, பெட்டிக்குள் வைத்த பட்டியலோ கணக்கில் வராது. இன்னொரு குழப்பமும் உண்டு. நகையைத் திரும்பக் கொண்டுவரும்போது வரி போடாமல் இருக்கச் சுங்கத்துறையிடம் வாங்கும் சான்றிதழைச் சிலர் மதிப்பு அறிவிப்பு என்று நினைத்துவிடுகிறார்கள். அது அரசாங்கத்துக்குச் சொல்வது, விமான நிறுவனத்துக்கு அதனால் ஒரு கடமையும் வராது.

கவுன்டரில் நீங்கள் கேட்க வேண்டியது "எக்ஸஸ் வேல்யூ டிக்ளரேஷன்". எதிரே இருக்கும் இளைஞருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. சூப்பர்வைசரைக் கூப்பிடச் சொல்லுங்கள். படிவத்தைத் தேடி எடுக்கவே அரை மணி நேரம் போகும், அதனால் கவுன்டர் திறக்கும்போதே போய்விடுங்கள். மொத்த மதிப்பை எழுதி, வரம்புக்கு மேலே இருக்கும் தொகைக்கு அவர்கள் கேட்கும் கூடுதல் கட்டணத்தைக் கட்ட வேண்டும். கட்டணமும், எவ்வளவு வரை அறிவிக்கலாம் என்பதும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். வழியில் வேறு நிறுவனத்தின் விமானத்தில் மாறுவதாக இருந்தால் முழுப் பயணத்துக்கும் அறிவிப்பை ஏற்கிறார்களா என்று முந்தின வாரமே எழுதிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்று லட்சம் என்று அறிவித்துவிட்டால் தொலைந்ததும் மூன்று லட்சம் வந்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். அறிவித்த தொகை புதிய வரம்பு ஆகிறது. உண்மை மதிப்பு அதைவிடக் குறைவு என்று அவர்கள் நிரூபித்தால் குறைத்தே தருவார்கள். அதனால் கிளம்புவதற்கு முன் புடவைகளை விரித்து, வெள்ளிச் சாமான்களை எடை தெரியத் தராசில் வைத்து, கடை பில்லோடு சேர்த்துப் படம் எடுத்துவிடுங்கள்.

என்னைக் கேட்டால் வெள்ளியைச் செக்-இன் பெட்டியில் வைக்காமல் கைப்பைக்கு மாற்றிவிடுங்கள். கைப்பையில் கொள்ளாத குத்துவிளக்கை அம்மாவிடமே விட்டுவிட்டு அடுத்த முறை பார்க்கலாம். புடவைகளில் பாதியைக் கணவர் பெட்டியில் அவர் டேகோடு அனுப்பலாமா என்றும் தோன்றும். பொருள் உங்களுடையது என்பதால் அவருடைய வரம்பு அதற்கு உதவாது என்று அவர்கள் வாதாட இடம் கொடுப்பீர்கள். வெள்ளி போக மிச்சமிருக்கும் புடவைகள் 1.8 லட்சத்துக்குள் வந்துவிட்டால் அறிவிப்பே வேண்டாம். வராவிட்டால் கட்டணத்தைக் கட்டி, ரசீதில் நீங்கள் அறிவித்த தொகை அச்சாகியிருக்கிறதா என்று பார்த்த பிறகு பெட்டியை பெல்ட்டில் ஏற்ற விடுங்கள். இந்த முறை டேகையும் ஆளுக்கு ஒரு பெயரில் அடிக்கச் சொல்லுங்கள்.